ஹெச்பியில் வாங்கிய மெஷின்: தவணைக்குள் வட்டி எவ்வளவு, அசல் எவ்வளவு?

சிங்கப்பூரில் செனோக்கோவில் ஒரு சின்ன யூனிட்டில் நானும் என் வீட்டுக்காரரும் தோசை மாவு அரைத்துக் கடைகளுக்குப் போடுகிறோம். மாவு அவர் பொறுப்பு, கணக்கு என் பொறுப்பு. 2024 மார்ச்சில் பையில் மாவை நிரப்பி, வாயை ஒட்டி, தேதியும் அடித்துக் கொடுக்கும் மெஷின் ஒன்றை ஹையர் பர்ச்சேஸில் எடுத்தோம். இங்கே எல்லோரும் ஹெச்பி என்றுதான் சொல்வார்கள். ஏப்ரலில் இருந்து மாதம் 1,120 வெள்ளி ஜைரோவில் போகத் தொடங்கியது.

அந்த 1,120 வெள்ளியை நான் அப்படியே ‘மெஷின் வாடகை’ என்று செலவில் எழுதினேன். ஒன்பது மாதத்தில் 10,080 வெள்ளி. அது போதாதென்று, மெஷின் விலை 60,000 வெள்ளியை மூன்றால் வகுத்து, மெஷின் விலையை வரிக் கணக்கில் ஆண்டுதோறும் கழிக்கும் கேப்பிட்டல் அலவன்ஸ் என்று 20,000 வெள்ளியும் போட்டேன். ஆக ஒரே மெஷினுக்கு 30,080 வெள்ளி கழிவு. வரிக்குரிய வருமானத்தை முன்கூட்டி மதிப்பிட்டுச் சொல்லும் ஈசிஐயையும் அதே கணக்கில் தாக்கல் செய்துவிட்டேன். 2025 அக்டோபரில் எங்கள் வரி விவரத்தைச் சரிபார்க்கும் பெரியவரிடம் கோப்பைக் கொடுத்தபோதுதான் குட்டு வெளிப்பட்டது.

“ஏம்மா, நாலு வருஷம் கழிச்சு இந்த மெஷின் யார்கிட்ட இருக்கும்?”

“எங்ககிட்டதான் சார்.”

“அப்புறம் எப்படிம்மா இது வாடகையாகும்?”

அந்த ஆண்டுக்கு நான் கழித்திருக்க வேண்டியது 8,618 வெள்ளிதான். அதிகமாகக் கழித்தது 21,462 வெள்ளி. விலக்குகளைப் பார்க்காமல் 17 விழுக்காட்டில் கணக்கிட்டால் ஏறத்தாழ 3,650 வெள்ளி வரி குறைவாகக் காட்டியிருப்பேன். நிறுவன வருமான வரிக்கான படிவம் சி-எஸ் இன்னும் போகவில்லை என்பதால் அதில் திருத்திக்கொண்டோம். அந்த 8,618 எப்படி வந்தது என்பதைத்தான் கீழே படிப்படியாக எழுதியிருக்கிறேன். எங்கள் எண்களையே வைத்திருக்கிறேன், நீங்கள் உங்கள் எண்களைப் போட்டுப் பாருங்கள்.

## 1. கையெழுத்துப் போடும் நாளிலேயே வாங்கி வைக்க வேண்டிய தாள்கள்

முதலில் ஹெச்பி ஒப்பந்தமும் அதன் பின்னால் இருக்கும் அட்டவணைப் பக்கமும். ஒப்பந்தம் நீளமாக இருக்கும், ஆனால் உங்களுக்குத் தேவையான எண்கள் எல்லாம் அந்த ஒரே பக்கத்தில் இருக்கும். ரொக்க விலை, முன்பணம், கடன் தொகை, மொத்த வட்டி, தவணைகளின் எண்ணிக்கை, முதல் தவணைத் தேதி ஆகிய ஆறும் இருக்கின்றனவா என்று பாருங்கள். எங்களுடையது இப்படி இருந்தது: விலை 60,000, முன்பணம் 12,000, கடன் 48,000. ஆண்டுக்கு 3 விழுக்காடு ஃபிளாட் வட்டி, நான்கு ஆண்டுகள், மொத்த வட்டி 5,760. ஆகத் திருப்பிக் கட்ட வேண்டியது 53,760, அதை 48 தவணையாகப் பிரித்தால் மாதம் 1,120.

இரண்டாவது, உங்கள் நிறுவனத்தின் பெயருக்கு எழுதப்பட்ட டாக்ஸ் இன்வாய்ஸ். இதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். ஹெச்பியில் மெஷின் விற்பவர் அதை நிதி நிறுவனத்துக்கு விற்கிறார், நிதி நிறுவனம் உங்களுக்குக் கொடுக்கிறது. அதனால் விற்பனையாளரின் இன்வாய்ஸ் நிதி நிறுவனத்தின் பெயரில் இருக்கும். அதன் நகலை வைத்து நீங்கள் ஜிஎஸ்டியைத் திரும்பக் கேட்க முடியாது. உங்கள் பெயருக்கு வந்த இன்வாய்ஸ் வேண்டும். எங்களுக்கு அது தானாக வரவில்லை. இரண்டு மின்னஞ்சல், ஒரு தொலைபேசி அழைப்பு, மூன்று வாரம் ஆனது.

மூன்றாவது, மெஷின் வந்து இறங்கிய நாளைக் காட்டும் டெலிவரி ஆர்டர். பொருத்துவதற்குத் தனிக் கட்டணம் வாங்கினால் அதன் பில்லும் வேண்டும். பொருத்தும் கூலி மெஷினின் விலையோடு சேர வேண்டியது, பழுதுபார்ப்புச் செலவில் போடாதீர்கள்.

மாதாமாதம் வட்டியையும் அசலையும் பிரித்துக் காட்டும் அட்டவணையைக் கேட்டுப் பாருங்கள். சில இடங்களில் கொடுப்பார்கள், சில இடங்களில் ‘மாதம் இவ்வளவு’ என்ற ஒரு வரிக் கடிதம்தான் வரும். எங்களுக்கு வந்தது அந்த ஒரு வரி. கவலை இல்லை, மூன்றாவது படியில் நாமே போட்டுவிடலாம்.

## 2. ஜிஎஸ்டியைத் தவணையில் இருந்து பிரித்து வெளியே எடுங்கள்

60,000 வெள்ளிக்கு 9 விழுக்காடு என்றால் 5,400 வெள்ளி. எங்கள் விஷயத்தில் இதற்குக் கடன் கிடைக்கவில்லை. முன்பணத்தோடு சேர்த்து 17,400 வெள்ளியை முதலிலேயே கட்டினோம். மெஷின் எடுக்கக் கிளம்பும்போது ‘இருபது விழுக்காடு முன்பணம்’ என்று மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டு போகாதீர்கள், இந்த ஒன்பதும் கையில் இருக்க வேண்டும்.

நீங்கள் ஜிஎஸ்டிக்குப் பதிவு செய்தவர் என்றால், இன்வாய்ஸ் தேதி விழும் காலாண்டின் ஜிஎஸ்டி படிவத்தில் 5,400 முழுவதையும் ஒரே தடவையில் கேட்கலாம். தவணை தவணையாகக் கேட்பதில்லை. வட்டி என்பது நிதிச் சேவை, அதற்கு ஜிஎஸ்டி கிடையாது. ஆகவே மாதாமாதம் போகும் 1,120 வெள்ளிக்குள் ஜிஎஸ்டி ஒரு காசும் இல்லை.

இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. நான் பயன்படுத்தும் கணக்கு மென்பொருள் வங்கிப் பரிவர்த்தனைகளைத் தானே இழுத்துக்கொள்ளும். ஒருமுறை ‘9 விழுக்காடு’ என்ற குறியீட்டைக் கொடுத்துவிட்டால் அடுத்த மாதமும் அதையே போட்டுக்கொள்ளும். ஒவ்வொரு 1,120 வெள்ளியிலும் 92.48 வெள்ளியை உள்ளீட்டு வரி என்று பிரித்து வைத்திருந்தது. இரண்டு காலாண்டு கழித்துத்தான் கண்ணில் பட்டது. ஜைரோ வரிக்கு ‘ஜிஎஸ்டி இல்லை’ என்ற குறியீட்டை முதல் மாதமே கொடுத்துவிடுங்கள்.

பதிவு செய்யாதவர் என்றால் அந்த 5,400 வெள்ளி மெஷினின் விலையில் சேர்ந்துவிடும். உங்கள் மெஷினின் விலை 65,400.

## 3. தவணையைப் பிரிப்பது

3 விழுக்காடு என்று ஒப்பந்தத்தில் இருப்பதை வைத்துப் பிரித்தால் கணக்கு மிக எளிது. 5,760-ஐ 48-ஆல் வகுத்தால் மாதம் 120 வட்டி, மீதி 1,000 அசல். அழகாக இருக்கிறது, ஆனால் தவறு. முதல் மாதம் நீங்கள் 48,000 வெள்ளி கடன்பட்டிருக்கிறீர்கள், கடைசி மாதம் ஏறக்குறைய 1,100 வெள்ளி. இரண்டுக்கும் ஒரே வட்டி எப்படி வரும்? ஃபிளாட் வட்டி என்பது நீங்கள் கடனை அடைத்துக்கொண்டே வந்தாலும், முதல்நாள் கடன் முழுவதும் நான்கு ஆண்டும் அப்படியே இருப்பதாக வைத்துப் போடும் வட்டி. குறைந்துகொண்டே வரும் பாக்கிக்குப் போட்டால் உண்மையான விகிதம் வேறு. எக்செல்லில் இதைத் தட்டுங்கள்:

```
=RATE(48,-1120,48000)*12
```

5.67 விழுக்காடு என்று வரும். ‘மூணு பர்சென்ட்தானே’ என்று வீட்டுக்காரர் சொல்லிக்கொண்டிருந்த கடனின் விலை இதுதான்.

கணக்குத் தரநிலைகள் கேட்பது இந்த முறையைத்தான். ஒவ்வொரு மாதமும், அதற்கு முந்தைய பாக்கியின் மீது ஒரே விகிதத்தில் வட்டி. மாத விகிதம் 0.47237 விழுக்காடு. முதல் மாத வட்டி 48,000 × 0.47237 விழுக்காடு = 226.74 வெள்ளி. தவணை 1,120-இல் இதைக் கழித்தால் அசல் 893.26. பாக்கி 47,106.74 ஆகிறது. இரண்டாம் மாதம் அந்தப் பாக்கிக்கு வட்டி 222.52, அசல் 897.48. இப்படியே போனால் 48-ஆம் மாத வட்டி 5.27 வெள்ளியாகச் சுருங்கி, பாக்கி சுழியமாகும். எக்செல்லில் ஒரு மாதத்துக்கும், ஒரு நிதியாண்டு முழுவதற்கும்:

```
=IPMT(RATE(48,-1120,48000),1,48,-48000)
=-CUMIPMT(RATE(48,-1120,48000),48,48000,1,9,0)
```

முதல் வரியில் 1 என்பது எத்தனையாவது தவணை என்பது. இரண்டாவது வரியில் 1,9 என்பது ஒன்று முதல் ஒன்பதாவது தவணை வரை. எங்கள் நிதியாண்டு டிசம்பர் 31-இல் முடிகிறது, 2024-இல் ஒன்பது தவணைகள் போயின. அதற்கு 1,887 வெள்ளி வட்டி என்று வரும். கழித்தால் அசல் 8,193.

முழு அட்டவணை ஆண்டுவாரியாக இப்படி இருக்கும்:

| நிதியாண்டு | தவணைகள் | கட்டியது | வட்டி | அசல் |
|---|---|---|---|---|
| 2024 | 9 | 10,080 | 1,887 | 8,193 |
| 2025 | 12 | 13,440 | 1,961 | 11,479 |
| 2026 | 12 | 13,440 | 1,293 | 12,147 |
| 2027 | 12 | 13,440 | 587 | 12,853 |
| 2028 | 3 | 3,360 | 32 | 3,328 |

வட்டிப் பத்தியின் கூட்டல் 5,760 வர வேண்டும், அசல் பத்தியின் கூட்டல் 48,000 வர வேண்டும். இரண்டில் ஒன்று வரவில்லை என்றால் அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

பழைய கணக்காளர்கள் சிலர் இதையே இலக்கங்களைக் கூட்டும் முறையில் போடுவார்கள். 48 முதல் 1 வரை எல்லா எண்களையும் கூட்டினால் 1,176. முதல் மாதத்துக்கு 5,760-இல் 1,176-க்கு 48 பங்கு, அடுத்த மாதத்துக்கு 47 பங்கு, இப்படி இறங்கும். ‘ரூல் ஆஃப் 78’ என்று சொல்வதும் இதைத்தான். பன்னிரண்டு மாதக் கடனில் 1 முதல் 12 வரை கூட்டினால் 78 வருவதால் அந்தப் பெயர். எங்களுக்கு அந்த முறையில் 2024-இன் வட்டி 1,940 வரும், நாம் போட்ட 1,887-க்குப் பக்கம்தான். எக்செல் இல்லாத காலத்தில் கைக்கணக்குக்கு வசதியாக இருந்திருக்கும். இப்போது அதற்கு அவசியம் இல்லை என்பது என் எண்ணம். நிதி நிறுவனம் கொடுக்கும் அட்டவணை இந்த முறையில் இருந்தால் மட்டும், உங்கள் எண்ணோடு ஏன் ஒட்டவில்லை என்று குழம்பாமல் இருக்க இதைத் தெரிந்துவைத்திருங்கள்.

ஒரு பொறி. சில ஒப்பந்தங்களில் முதல் தவணையைக் கையெழுத்துப் போடும் நாளிலேயே வாங்கிவிடுவார்கள். அன்று கடனுக்கு ஒரு நாள்கூட வயது ஆகவில்லை, ஆகவே அந்த முதல் 1,120 முழுவதும் அசல். உண்மை விகிதமும் ஏறிவிடும். எங்கள் எண்களுக்கே அப்படி இருந்திருந்தால் 5.92 விழுக்காடு ஆகியிருக்கும். அப்போது சூத்திரத்தின் கடைசியில் 1 சேர வேண்டும்:

```
=RATE(48,-1120,48000,0,1)*12
```

முதல் தவணைத் தேதியை ஒப்பந்தத்தில் பார்க்கச் சொன்னது இதற்காகத்தான்.

## 4. பேரேட்டில் எழுதுவது

எழுதும் முறை பல உண்டு. எனக்குப் பெரியவர் சொல்லிக்கொடுத்தது இரண்டு கணக்கு வைக்கும் முறை. ‘ஹெச்பி கடன்’ என்று ஒன்று, இன்னும் காலம் வராத வட்டியை நிறுத்திவைக்க ‘ஹெச்பி வட்டி சஸ்பென்ஸ்’ என்று இன்னொன்று. மெஷின் வந்த நாளில்:

மெஷின் கணக்கில் பற்று 60,000, உள்ளீட்டு ஜிஎஸ்டியில் பற்று 5,400, வட்டி சஸ்பென்ஸில் பற்று 5,760. வங்கியில் வரவு 17,400, ஹெச்பி கடனில் வரவு 53,760. இரண்டு பக்கமும் 71,160.

பிறகு ஒவ்வொரு மாதமும் இரண்டு பதிவு. ஜைரோ போனதற்கு ஹெச்பி கடனில் பற்று 1,120, வங்கியில் வரவு 1,120. வட்டிக்கு, முதல் மாதம் என்றால், வட்டிச் செலவில் பற்று 226.74, சஸ்பென்ஸில் வரவு 226.74. வட்டிப் பதிவை மாதாமாதம் போட நேரமில்லை என்றால் ஆண்டுக் கடைசியில் 1,887 வெள்ளியை ஒரே பதிவாகப் போடலாம். நான் அப்படித்தான் செய்கிறேன். மாத லாபத்தை யாரும் எங்களிடம் கேட்பதில்லை.

ஏன் சஸ்பென்ஸ் என்று ஒன்றைத் தூக்கிச் சுமக்க வேண்டும், 48,000-ஐ மட்டும் கடனாக எழுதினால் போதாதா? போதும்தான். ஆனால் நிதி நிறுவனத்திடம் டிசம்பர் 31-இல் பாக்கி எவ்வளவு என்று கேட்டால் பெரும்பாலும் 43,680 என்று கடிதம் வரும். அது 39 தவணை × 1,120, இன்னும் வராத வட்டியும் அதற்குள் இருக்கிறது. உங்கள் பேரேட்டில் 39,807 என்று இருக்கும். 3,873 வெள்ளி எங்கே போனது என்று ஒரு மாலை முழுக்கத் தேடுவீர்கள். இரண்டு கணக்கு வைத்தால் ஹெச்பி கடன் 43,680 என்று கடிதத்தோடு அப்படியே பொருந்தும், சஸ்பென்ஸில் 3,873 நிற்கும், இரண்டையும் கழித்த 39,807 நிதிநிலை அறிக்கைக்குப் போகும்.

அந்த 39,807-ஐயும் இரண்டாக்க வேண்டும். அடுத்த பன்னிரண்டு மாதத்தில் அடையும் அசல் 11,479 நடப்புக் கடன், மீதி 28,328 நீண்டகாலக் கடன். இதைச் செய்யாமல் முழுவதையும் நடப்பில் போட்டால், அடுத்து வங்கியில் கடன் கேட்கப் போகும்போது உங்கள் நிலைமை உள்ளதைவிட மோசமாகத் தெரியும்.

தேய்மானம் தனி. மெஷின் எத்தனை ஆண்டு உழைக்கும் என்று நீங்கள் நினைக்கிறீர்களோ அத்தனை ஆண்டுக்கு 60,000-ஐப் பரப்புங்கள். முழு விலைக்கும் தேய்மானம் உண்டு, தவணை கட்டிய அளவுக்கு மட்டும் அல்ல. பேரேட்டில் மெஷின் முதல் நாளிலிருந்தே உங்களுடையது.

## 5. வரிக்கு வரும்போது கணக்கு வேறு

இங்கேதான் நான் சறுக்கினேன், கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

வட்டி 1,887 செலவாகக் கழியும், அதில் சிக்கல் இல்லை. தேய்மானம் கழியாது. லாபத்தோடு அதைத் திரும்பச் சேர்த்துவிட்டு, அதற்குப் பதிலாகக் கேப்பிட்டல் அலவன்ஸ் கேட்க வேண்டும். அசல் தொகையும் செலவாகக் கழியாது, அது அலவன்ஸ் வழியாகத்தான் வரும்.

ரொக்கத்துக்கு வாங்கிய மெஷின் என்றால் 60,000-ஐ மூன்றாண்டில் எழுதலாம், ஆண்டுக்கு 20,000. ஹெச்பியில் அப்படி இல்லை. அந்த நிதியாண்டில் நீங்கள் கட்டிய முன்பணமும், கட்டிய தவணைகளில் இருந்த அசலும் மட்டும்தான் அந்த ஆண்டுக்கான செலவாக வரி ஆணையமான ஐராஸ் எடுத்துக்கொள்ளும். எங்களுக்கு 2024-இல் அது 12,000 + 8,193 = 20,193. இதை மூன்றால் வகுத்தால் 6,731. இதுதான் 2024 வருமானத்துக்கு வரி போடும் 2025 மதிப்பீட்டு ஆண்டின் அலவன்ஸ். 1,887-உம் 6,731-உம் சேர்ந்து 8,618. தொடக்கத்தில் சொன்ன எண் இதுதான்.

அடுத்த ஆண்டில் இன்னொரு அடுக்கு சேரும். 2025-இல் கட்டிய அசல் 11,479, அதில் மூன்றில் ஒரு பங்கு 3,826. முதல் அடுக்கின் இரண்டாவது பங்கு 6,731. ஆக 2026 மதிப்பீட்டு ஆண்டுக்கு 10,557. அதற்கடுத்த ஆண்டு மூன்று அடுக்கு: 6,731 + 3,826 + 4,049 = 14,606. அதன் பிறகு முதல் அடுக்கு தீர்ந்துபோகும், தொகை இறங்கத் தொடங்கும். ஒவ்வொரு ஆண்டின் அசலும் தனித்தனியாக மூன்றாண்டு ஓடுவதால், கடைசித் தவணை 2028-இல் முடிந்தாலும் கடைசி அலவன்ஸ் 2031 மதிப்பீட்டு ஆண்டில்தான் வரும். எக்செல்லில் ஆண்டுக்கு ஒரு வரிசை, அடுக்குக்கு ஒரு பத்தி என்று போட்டால் படிக்கட்டுபோல் தெரியும். கூட்டல் 60,000-ஐத் தாண்டவே கூடாது.

ஜிஎஸ்டிக்குப் பதிவு செய்யாதவர்கள் முதலில் கட்டிய 5,400-ஐயும் முன்பணத்தோடு சேர்த்து முதல் அடுக்கில் வைக்க வேண்டும்.

கணினிக்கும், சட்டத்தில் குறிப்பிட்ட தானியங்கிச் சாதனங்களுக்கும் ஒரே ஆண்டில் எழுதும் வழி உண்டு. ‘ஆட்டோமேட்டிக்’ என்று விளம்பரத்தில் இருந்தால் மட்டும் அந்தப் பட்டியலில் வந்துவிடாது. எங்கள் மெஷினும் தானாக ஓடுகிற மெஷின்தான், ஆனால் அடித்துச் சொல்ல முடியாததால் மூன்றாண்டுக் கணக்கிலேயே விட்டோம். பட்டியலில் இருக்கிற சாதனமானாலும், ஹெச்பி என்றால் அந்த ஆண்டில் கட்டிய அசல் அளவுக்குத்தான்.

பேரேட்டுக்கு ஒரு பிரிப்பு, வரிக்கு இன்னொரு பிரிப்பு என்று வைத்துக்கொள்ளாதீர்கள். எனக்கு ஆசை வந்தது: வட்டியை இந்த முறையில் 1,887 என்று கழித்துக்கொண்டு, அலவன்ஸுக்கு மட்டும் ஃபிளாட் முறையில் 9,000 அசல் என்று எடுத்தால் என்ன? கூட்டிப் பார்த்தால் 10,887 வருகிறது, கட்டியதோ 10,080. 807 வெள்ளியை இரண்டு முறை கழித்திருப்பேன். வட்டியும் அசலும் சேர்ந்தால் கட்டிய தவணைக்குச் சரியாக நிற்க வேண்டும். கேள்வி வந்தால் முதலில் பார்க்கப்படுவது இதுதான்.

## 6. நாள்காட்டி

எங்களைப்போல் டிசம்பரில் நிதியாண்டு முடிப்பவர்களுக்கு ஈசிஐ மார்ச் 31-க்குள், படிவம் சி-எஸ் நவம்பர் 30-க்குள். நான் பிரிப்பு வேலையை ஜனவரி முதல் வாரத்திலேயே முடித்துவிடுகிறேன். எக்செல்லில் எண்ணை மாற்றி இழுத்தால் பத்து நிமிடம். முதல் ஆண்டு மட்டும் ஒரு முழு நாள் பிடிக்கும், இன்வாய்ஸைத் துரத்தும் நேரம் சேராமல். தனியாள் வணிகம் நடத்துபவர்கள் சொந்த வருமான வரி விவரத்தோடு ஏப்ரல் 18-க்குள் மின்னியல் வழி தாக்கல் செய்ய வேண்டும், அவர்களுக்கு அவகாசம் குறைவு.

போன ஆண்டே தப்பாகப் போட்டு அனுப்பிவிட்டீர்கள் என்றால் ஒளிக்காதீர்கள். தாக்கல் கெடுவிலிருந்து ஓராண்டுக்குள், ஐராஸ் கேட்பதற்கு முன் நீங்களாகவே முழுமையாகச் சொல்லித் திருத்தினால், நிபந்தனைகளுக்கு உட்பட்டு, அபராதம் இல்லாமல் முடிந்துவிடும்.

## 7. முன்னதாகவே அடைக்க நினைத்தால்

கையில் பணம் வந்ததும் கடனை முடித்துவிடலாம் என்று தோன்றும். எங்களுக்கும் 2025 கடைசியில் தோன்றியது. 21 தவணை கட்டியாயிற்று, 27 பாக்கி, அதாவது 30,240 வெள்ளி. எங்கள் எக்செல்லில் அசல் பாக்கி 28,328. மீதி 1,912 வெள்ளி வட்டி மிச்சமாகும் என்று நினைத்துக்கொண்டு கூப்பிட்டோம்.

வந்த எண் 28,759. ஒப்பந்தத்தைப் பிரித்துப் பார்த்தால் இரண்டு வாசகம் இருந்தது. வட்டித் தள்ளுபடி ரூல் ஆஃப் 78 முறையில், அதிலும் 80 விழுக்காடுதான். 27 முதல் 1 வரை கூட்டினால் 378. 5,760-இல் 1,176-க்கு 378 பங்கு 1,851. அதில் 80 விழுக்காடு 1,481. ஆக மிச்சம் 1,481 மட்டும். அதற்காக 28,759 வெள்ளியை ஒரே நாளில் தூக்கிக் கொடுக்க மனம் வரவில்லை. அரிசி, உளுந்து வாங்க அந்தப் பணம் வேண்டும்.

கார் வாங்கும்போது ஹெச்பி சட்டம் பாதுகாக்கும் என்று யாராவது சொன்னால், அது வீட்டு உபயோகப் பொருளுக்கும், குறிப்பிட்ட விலைக்கு உட்பட்ட வாகனத்துக்கும் மட்டும். தொழிற்சாலை மெஷினுக்கு ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் சட்டம். முன்கூட்டி அடைக்கும் வாசகத்தைக் கையெழுத்துக்கு முன்பே படித்து, கடன் பாதியில் இருக்கும்போது எவ்வளவு கட்ட வேண்டும் என்று ஓர் எண்ணை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

அப்படியும் அடைத்துவிட்டீர்கள் என்றால் கணக்கில் மூன்று வேலை. ஹெச்பி கடனில் உள்ள 30,240-ஐ மூடுங்கள், அதில் 28,759 வங்கியிலிருந்து, 1,481 தள்ளுபடி. சஸ்பென்ஸில் நிற்கும் 1,912-இல் அந்த 1,481-ஐக் கழித்தால் மிஞ்சும் 431 வெள்ளி, அந்த ஆண்டின் வட்டிச் செலவில் போகும். அலவன்ஸுக்கு, அந்த ஆண்டில் அடைத்த அசல் 28,328 ஓர் அடுக்காக நுழையும். 28,759 அல்ல.

## 8. கடைசித் தவணைக்குப் பிறகு

ஹெச்பி கடன், சஸ்பென்ஸ் இரண்டும் ஒரே மாதத்தில் சுழியமாக வேண்டும். சஸ்பென்ஸில் சில காசு நின்றால் அது முழுமையாக்கியதால் வந்தது, கடைசி மாத வட்டியில் தள்ளிவிடுங்கள். ஹெச்பி கடனில் ஏதாவது நின்றால் எங்கோ ஒரு தவணையைத் தாமதக் கட்டணத்தோடு சேர்த்து எழுதியிருப்பீர்கள். வங்கி அறிக்கையில் 1,120 என்று இல்லாத வரியைத் தேடுங்கள். மெஷின் இப்போது உங்கள் பெயருக்கு மாறியது என்று எழுத்தில் ஒரு கடிதம் வாங்குங்கள், அதற்குச் சிறு கட்டணம் இருந்தால் அதுவும் ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருக்கும்.

கோப்பை மட்டும் தூக்கிப் போடாதீர்கள். ஆவணங்களை ஐந்தாண்டு வைத்திருக்க வேண்டும் என்பதை நான் மெஷின் வாங்கிய ஆண்டிலிருந்து எண்ணிக்கொண்டிருந்தேன். எங்கள் அலவன்ஸ் 2031 மதிப்பீட்டு ஆண்டு வரை ஓடுவதால் ஐந்தாண்டு அங்கிருந்துதான் எண்ண வேண்டும். 2024-இன் இன்வாய்ஸும் ஒப்பந்தமும் இப்போது அரிசி மூட்டை அடுக்கும் அறைக்கு மேலே ஒரு நெகிழிப் பெட்டியில், மூடியில் ‘2036 வரை’ என்று மார்க்கரால் எழுதி இருக்கின்றன.